மூட்டத்தில் மறைந்த வானமும் தொடுவானமும்: ட்ரோன் படத்தைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து தெற்கு நோக்கி எடுத்த ஒரு படத்தை வைத்தே இதை எழுதுகிறேன். மார்ச் மாதம், காலை பத்தரை மணி. கீழே தேயிலை மலை, நடுவில் ஸ்டோரின் தகரக்கூரை, பக்கத்தில் இரண்டு வரிசை லயம். அதற்கு அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைத்தொடர்கள் இறங்கித் தெற்குச் சமவெளிக்குப் போகின்றன. மூன்றாவது தொடரின் பாதிதான் தெரிகிறது. அதற்கு மேல் படத்தின் விளிம்பு வரை ஒரே வெள்ளை. வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது.

இந்த மாதிரிப் படத்துக்கு நல்ல வானம் ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டால் போதும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் பழக வந்த ஒரு தம்பி அப்படித்தான் செய்து கொண்டுவந்தான். “அண்ணே, வானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒட்டாம நிக்குது” என்றான். “மேகத்தோட அடி எங்க நிக்குதுன்னு பாரு தம்பி” என்றேன். மேகங்கள் மூன்றாவது மலைத்தொடரின் தோளில் உட்கார்ந்திருந்தன. அங்கே வானமே கிடையாது. வேலை முழுவதும் அந்த நாலு விரல் அகலப் பட்டையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

படம் டி.என்.ஜி. என்ற ரோ வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். மூட்டம் நிறைந்த பகுதி அதில் மேல்முனைச் சில படிகளுக்குள் அடங்கிவிடும். அதை இழுத்து விரித்தால் பட்டை பட்டையாக வெடிக்கும். கணினியிலும் 16 பிட்டிலேயே வேலை செய்யுங்கள்.

அடுத்தது வானப் படங்கள். அவற்றை இணையத்தில் தேடாதீர்கள், நீங்களே சேர்த்து வையுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் காற்று கழுவி விட்டது போல இருக்கும். அப்போது ட்ரோனை ஏற்றி, கெமராவைச் சாய்க்காமல் நேராக வைத்து, 45 பாகைக்கு ஒன்றாக எட்டுப் படங்கள் எடுங்கள். பைலின் பெயரிலேயே திசையையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

ஏன் இந்தச் சிரமம் என்றால், போனை மேலே தூக்கி எடுத்த வானத்தில் மேகங்கள் தலைக்கு மேல் இருப்பவை. அவற்றின் அடிப்பக்கம் தெரியும், உருவமும் பெரிதாக இருக்கும். தொடுவானத்தை ஒட்டிய மேகங்களோ பக்கவாட்டில், சின்னதாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது போலத் தெரியும். அதே ட்ரோன், அதே லென்ஸ், கிட்டத்தட்ட அதே உயரம் என்றால் இந்தப் பொருத்தம் தானாகவே வந்துவிடும். நேராக வைத்து எடுத்த படத்தில் தொடுவானமும் நடுவிலேயே இருக்கும். அது பிறகு நமக்குத் தேவைப்படும்.

## 2. வானம் உண்மையிலேயே போய்விட்டதா?

போட்டோஷாப்பின் Camera Raw-இல் படத்தைத் திறந்து Exposure-ஐ இரண்டு ஸ்டாப் இறக்கிப் பாருங்கள். மேக உருவமோ மலைவிளிம்போ தட்டுப்பட்டால், மாற்றத் தேவையில்லை. உள்ளதை வெளியே கொண்டுவந்தால் போதும், அதுவே எப்போதும் நன்றாக இருக்கும்.

நம் படத்தில் இறக்கியபோது வெள்ளை சாம்பலாக மாறியது, அவ்வளவுதான். இறக்குவதற்கு முன் மலைக்கு மேல் சிவப்பு 247, பச்சை 247, நீலம் 246. மேல் விளிம்பிலும் ஏறக்குறைய அதே எண்கள். 255 வரை போய் வெடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே எதுவும் இல்லை. இந்த நிலையில் Dehaze-ஐ எவ்வளவு தள்ளினாலும் அழுக்குச் சாம்பலும் புள்ளிகளும்தான் வரும். மூட்டத்துக்குள் மங்கிப்போனதைத்தான் அது தெளிவாக்கும். கெமராவுக்கு வந்து சேராத ஒளியை அதனால் உண்டாக்க முடியாது.

## 3. தொடுவானத்தைக் கண்டுபிடித்தல்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற படி இது. தொடுவானம் தெரியவில்லை என்றாலும், கெமரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது பைலுக்குள் இருக்கிறது. டி.ஜே.ஐ. ட்ரோன்களின் படங்களில் அதை exiftool என்ற கட்டளைவரிக் கருவி இப்படிப் படித்துத் தரும்:

```
exiftool -GimbalPitchDegree -GimbalYawDegree DJI_0412.DNG
```

நம் படத்துக்கு முதல் எண் -8 என்று வந்தது. அதாவது கெமரா கீழ்நோக்கி 8 பாகை சாய்ந்திருந்தது. இரண்டாவது எண் 178, கிட்டத்தட்ட நேர் தெற்கு.

24 மி.மீ.க்குச் சமமான லென்ஸில், 4000 × 3000 பிக்சல் படத்தில், ஒரு பாகை என்பது செங்குத்தாக ஏறக்குறைய 49 பிக்சல். 8 பாகைக்கு 390 பிக்சல். படத்தின் நடு 1500. ஆகவே கண்மட்டக் கோடு மேலிருந்து 1110-ஆவது பிக்சலில் வருகிறது. உங்கள் லென்ஸ் வேறென்றால், தெளிவான ஒரு நாளில் ஒரே மலையுச்சியை இரண்டு சாய்வில் எடுத்து, உச்சி எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று பார்த்துப் பாகையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புத்தளையில் இன்னொரு சின்னத் திருத்தமும் உண்டு. ட்ரோன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீற்றர் உயரத்தில் நிற்கிறது, எதிரே தாழ்ந்த சமவெளி, அதற்கப்பால் கடல். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் கண்மட்டத்துக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கித் தெரியும். ஆக 55 பிக்சல் கூட்டி 1165 என்று வைத்துக்கொண்டேன். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ எதிரே சம உயர மலைகள் நிற்கும் படமென்றால் இந்தத் திருத்தம் வேண்டாம்.

சாய்வு எண்ணில் ஒரு பாகை வரை பிழை இருக்கலாம். ஆனால் நாம் கூர்மையான கோடு எதையும் வரையப் போவதில்லை, அதனால் பாதகமில்லை. 1165-இல் ஒரு வழிகாட்டிக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது மலைத்தொடரின் உச்சி 1260-இல் இருக்கிறது. நடுவில் இருக்கும் 95 பிக்சல் வெள்ளை, வானம் அல்ல. மூட்டத்துக்குள் மறைந்த சமவெளி அது. அந்தத் தம்பி மேகங்களை இறக்கி வைத்தது அந்தச் சமவெளியின் மீதுதான்.

படத்தின் இடவலச் சாய்வை நிமிர்த்துவதை இந்த அளவெடுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே வெட்டினால் 1500 என்ற நடு மாறிவிடும், கணக்கும் போய்விடும்.

## 4. வானத்துக்கு முன் தரை

புது வானத்தை முதலில் வைத்தால், அதன் தெளிவுக்கு ஈடுகட்டத் தரையையும் கண் இழுக்கச் சொல்லும். கடைசியில் தேயிலை பச்சைப் பெயின்ட் அடித்தது போலாகிவிடும். அதனால் வெள்ளை வானம் இருக்கும்போதே தரையை முடித்துவிடுங்கள்.

Dehaze-ஐப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் போடாதீர்கள். மூட்டம் தூரத்தோடு கூடுகிறது. அருகில் இருக்கும் தேயிலையில் மூட்டமே இல்லை, அங்கே போட்டால் நிழல்கள் கறுத்துப்போகும். நான் மாஸ்க் வைத்துத் தேயிலைக்கும் ஸ்டோருக்கும் 0, முதல் தொடருக்கு 15, இரண்டாவதுக்கு 25 என்று கொடுத்தேன். மூன்றாவதுக்கு 10 மட்டும். அதைத் தெளிவாக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். தூரத்து மலை மங்கலாக இருப்பதால்தான் அது தூரத்தில் இருப்பதாகத் தெரிகிறது.

Dehaze கூட்டினால் நடு மலைகள் அளவுக்கு மீறி நீலமாகும். அதே மாஸ்க்கில் Saturation-ஐச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## 5. மாஸ்க்: ஒரே சனல் போதாது

போட்டோஷாப்பின் Edit > Sky Replacement வேகமாக ஒரு மாஸ்க் போட்டுத் தரும். தெளிவான விளிம்பு உள்ள படத்துக்கு அது நல்ல கருவிதான். நம் படத்தில் விளிம்பே இல்லை. அது மூன்றாவது மலையில் பாதியை வானம் என்று எடுத்துக்கொண்டது. அதைப் பாவிக்கிறீர்கள் என்றால் Output To என்ற இடத்தில் New Layers கொடுத்து, வரும் மாஸ்க்கைக் கையால் திருத்துங்கள். கையால் செய்யும் கீழேயுள்ள முறை ஜிம்பிலும் அப்படியே பொருந்தும்.

சனல்கள் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். இலைகளுக்கு நீலச் சனல்தான் சரி. பச்சை இலை நீல ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், எனவே முகட்டில் நிற்கும் கிரவேலியா மரங்கள் அங்கே கறுப்பாகவும் பின்னணி வெளுப்பாகவும் பிரிந்து நிற்கும். தூரத்து மலைக்கு அதே நீலச் சனல் உதவாது. அந்த மலைமேல் படிந்திருக்கும் மூட்டமே நீலம்தான், நீலச் சனலில் மலையும் வானமும் ஒன்றாகிவிடும். அதற்குச் சிவப்புச் சனல். சிவப்பில் மூன்றாவது மலையின் விளிம்பு இன்னும் பத்துப் பதினைந்து படி கருமையாகத் தெரிந்தது. பிடித்துக்கொள்ள அது போதும்.

ஆக, அருகிலுள்ள மரங்களுக்கு நீலச் சனலின் பிரதி, தூரத்து மலைகளுக்குச் சிவப்புச் சனலின் பிரதி. இரண்டையும் Levels-ஆல் இறுக்கி, மென்மையான பிரஷ்ஷால் ஒன்றாகச் சேருங்கள். விளிம்பின் மென்மையும் தூரத்தைப் பொறுத்ததே. கிரவேலியாக்களுக்கு ஒரு பிக்சல், இரண்டாவது தொடருக்கு மூன்று, மூன்றாவதுக்கு முப்பது வரை. எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் வெட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய அட்டை மாதிரித்தான் வரும்.

## 6. வானத்தைத் தேர்ந்து வைத்தல்

தரையில் விழும் நிழலைப் பார்த்து வானத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் படத்தில் லயத்தின் கூரை நிழல் குட்டையாக, மங்கலாக, மேற்குப் பக்கம் விழுந்திருக்கிறது. இலங்கையில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். மார்ச்சில் பத்தரைக்கே அது நன்றாக ஏறிவிடும். ஆகவே தாழ்ந்த சூரியனின் செம்மேகம் இங்கே எந்த வகையிலும் ஒட்டாது. நிழல் மங்கலாக இருப்பதால் கருநீல வானமும் ஒட்டாது. காலை பத்து மணிக்குத் தெற்கே எடுத்த, சின்னச் சின்ன மேகங்கள் உள்ள வெளிர்நீல வானம் ஒன்றை எடுத்தேன்.

அந்த வானப் படத்தின் தொடுவானம் 1165-ஆவது பிக்சலில் வந்து அமரும்படி லேயரை மேலே நகர்த்துங்கள். மலை விளிம்புக்குப் பொருத்தாதீர்கள். நம் படத்தில் சூரியன் இடப்பக்கம், கிழக்கே இருக்கிறது. வானப் படத்தில் அது வலப்பக்கம் என்றால் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். மேலும் கீழுமாக மட்டும் இழுக்காதீர்கள். மேகத்தின் உருவம் கெடுவதை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

## 7. தொடுவானப் பட்டை

மெதுவாகச் செய்யுங்கள். எனக்குப் பாதி நேரம் இங்கேதான் போகிறது.

முதலில் வான லேயரின் மாஸ்க்கில் ஒரு கிரேடியன்ட் போடுங்கள். 1165-இல் வானம் தெரியவே கூடாது. 950 வாக்கில் பாதி. 750-க்கு மேல் முழுவதும். மூட்டமான நாளில் நிமிர்ந்து பார்த்தால் நீலம் தெரியும், எதிரே பார்த்தால் வெள்ளைதான் தெரியும். எதிரே பார்க்கும்போது கண்ணுக்கும் வானத்துக்கும் நடுவில் காற்று அதிகம் என்பதுதான் காரணம். தொடுவானம் வரை நீலத்தை இறக்கினால் அந்த இயல்பு கெட்டுவிடும்.

இப்போது இடையில் பழைய வெள்ளை, 247, எட்டிப் பார்க்கும். மேலே புது வானத்தின் கீழ்ப்பகுதி 208, 216, 223. இடையில் விளக்கு எரிவது போல ஒரு வெளிச்சப் பட்டை. அதனால் வான லேயருக்குக் கீழே புது லேயர் ஒன்றில் 208, 216, 223 நிறத்தை நிரப்புங்கள். அதன் மாஸ்க் தொடுவானத்துக்கு மேலே முழுதாகவும், கீழே சமவெளி மறைந்துள்ள 95 பிக்சலிலும் முழுதாகவும் இருந்து, மூன்றாவது மலையின் மென்மையான விளிம்பில் கரைய வேண்டும். சமவெளிப் பகுதியைக் கீழே போகப்போக 200 வரை இருட்டாக்கினேன். கோடு இல்லாமலே அங்கே ஏதோ நிலம் இருப்பது போன்ற உணர்வு வந்தது. கடல் கோட்டை வரையாதீர்கள். மூன்றாவது மலையே பாதி மறைந்த நாளில் அதற்கு அப்பாலுள்ள கடல் தெரியாது.

அடுத்து, அநேகமாக எல்லோரும் விடுகிற பிழை. மூன்றாவது மலையின் நிறத்தை எடுத்துப் பாருங்கள்: 231, 234, 237. அதற்குப் பின்னால் நாம் வைத்தது 208. மலை, பின்னாலிருக்கும் வானத்தைவிட வெளிச்சமாகிவிட்டது. மரம் மூடிய தூரத்து மலை அப்படி இருக்கவே முடியாது. அதில் நாம் காண்பது பெரும்பாலும் இடையிலுள்ள மூட்டத்தின் வெளிச்சம். தூரம் கூடக்கூட அந்த மலை தொடுவானத்தின் நிறத்தை நெருங்கும், ஆனால் தாண்டாது. தம்பியின் படத்தில் ‘ஏதோ ஒட்டாமல்’ நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அவனுடைய மலை பின்னால் விளக்கு வைத்தது போல ஒளிர்ந்தது.

Curves லேயர் ஒன்றை மூன்றாவது மலையின் மாஸ்க்கோடு வைத்து 196, 205, 214 வரை இறக்குங்கள். வானத்தைவிடப் பன்னிரண்டு படிதான் கருமை, அது போதும். பிறகு இரண்டாவது தொடரையும் சற்று இறக்குங்கள், 176-இலிருந்து 168 வாக்கில். தூரத்திலிருந்து அருகே வர வர 208, 196, 168 என்று படியிறங்க வேண்டும். அந்த வரிசை எங்காவது தலைகீழானால் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும்.

ஸ்டோரின் தகரக்கூரையையும் மறக்காதீர்கள். அது வானத்தைத்தான் பிரதிபலிக்கிறது. வெள்ளை வானத்தின் கீழ் வெறும் வெள்ளையாக இருந்த கூரைக்கு, வானத்தின் நீலத்தைப் பத்து வீதம் Multiply-இல் பூசினேன். மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்கள் உள்ள படமென்றால் வேலை பெரிது. நீரில் வானத்தைக் கவிழ்த்து, சற்று இருட்டாக்கி, கலங்கலாக வைக்க வேண்டும். முதல் பழக்கத்துக்கு நீர் இல்லாத படத்தையே எடுங்கள்.

## 8. புள்ளிகளைச் சமப்படுத்திச் சரிபார்த்தல்

நிரப்பிய நிறத்தில் புள்ளிகளே இல்லை, கெமரா எடுத்த மலையில் உண்டு. 100 வீதத்தில் பார்த்தால் ஒன்று மெழுகு, ஒன்று மணல். நிறப்பட்டை லேயருக்கு Add Noise-இல் ஒரு வீதம், Monochromatic தெரிவு செய்து சேருங்கள். போன் திரையில் வரும் பட்டைக் கோடுகளையும் இதுவே மறைக்கும்.

பிறகு எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves வைத்து 180 முதல் 240 வரையுள்ள பகுதியை மட்டும் செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் மாஸ்க்கின் ஓட்டை, மரத்தைச் சுற்றிய வெள்ளை வளையம், கிரேடியன்ட் முடியும் இடம் எல்லாம் பளிச்சென்று தெரியும். என் படத்தில் இரண்டு கிரவேலியாக்களுக்கு நடுவே பழைய வெள்ளை ஒரு துண்டு அப்படியே மிச்சம் இருந்தது. சாதாரணமாகப் பார்த்தபோது அரை மணிநேரமாக அது என் கண்ணில் படவில்லை.

திருத்தியதும் அந்த லேயரை அழித்துவிட்டு, லேயர்களோடு ஒரு பிரதியைச் சேமியுங்கள். அதன் பிறகு வெட்டி, 8 பிட் ஜேபெக்காக வெளியே எடுத்து, போனில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி ஒருமுறை பாருங்கள். கணினித் திரையில் மறைந்திருந்த தொடுவானப் பட்டை போனில்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். தெரிந்தால் வானத்தைத் தொடாதீர்கள். ஏழாவது படியில் போட்ட கிரேடியன்ட்டை 750-க்குப் பதிலாக 650 வரை நீட்டுங்கள்.